யூடியூபை விட்டு விலகும் முன் வாட்ச் லேட்டர், பிளேலிஸ்ட், சந்தா: எதை முதலில் அழிப்பது?

கேள்வி: யூடியூபை முழுவதுமாக விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். வாட்ச் லேட்டரில் 640 வீடியோக்கள், நானே போட்ட 27 பிளேலிஸ்ட்கள், 312 சேனல் சந்தாக்கள் சேர்ந்திருக்கின்றன. மின்னஞ்சலுக்காகக் கூகுள் கணக்கு மட்டும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காக அழிப்பது எப்படி? அழித்த பிறகு "ஐயோ, அது போய்விட்டதே" என்று தேடவும் கூடாது.

பதில்:

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கை வைத்துக்கொண்டு யூடியூப் சேனலை மட்டும் நிரந்தரமாக நீக்க முடியும். யூடியூப் அமைப்புகளில் மேம்பட்ட அமைப்புகள் என்ற பகுதிக்குள் அதற்கான வழி இருக்கிறது. அப்படி நீக்கினால் பிளேலிஸ்ட்கள், கருத்துகள், பார்வை வரலாறு, சந்தாக்கள் எல்லாம் அதனோடு சேர்ந்தே போய்விடும். 312 சேனல்களை ஒவ்வொன்றாகக் கைவிட வேண்டிய வேலையே இல்லை. கையால் துடைக்கும் வேலை, சேனலை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்ய நினைப்பவருக்கும், நீக்குவதற்கு முன் சில மாதங்கள் பொறுத்துப் பார்க்க நினைப்பவருக்கும்தான் தேவை. நீங்கள் பின்னால் வருந்தக் கூடாது என்று கேட்டிருப்பதால் இரண்டாவது வழியையே சொல்வேன்: பிரதி எடுங்கள், காலி செய்யுங்கள், இரண்டு மாதம் அப்படியே விடுங்கள், பிறகு சேனலை நீக்குங்கள். இதில் வரிசைதான் முக்கியம். பலர் பார்வை வரலாற்றைத்தான் முதலில் அழிக்கிறார்கள். அதுவே பின்னால் வரும் வேலையை இரட்டிப்பாக்கிவிடுகிறது. காரணத்தை வாட்ச் லேட்டர் பகுதியில் சொல்கிறேன்.

பிரதி எடுப்பதற்கு takeout.google.com என்ற பக்கம் இருக்கிறது. அங்கே கூகுளின் எல்லாச் சேவைகளும் தேர்வு செய்யப்பட்ட நிலையில் தெரியும். எல்லாத் தேர்வுக் குறிகளையும் எடுத்துவிட்டு யூடியூபை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகு அதன் கீழுள்ள பொத்தானைத் திறந்து பிளேலிஸ்ட்கள், சந்தாக்கள் ஆகிய இரண்டை மட்டும் விட்டுவையுங்கள். நீங்கள் பதிவேற்றிய வீடியோக்களும் சேர்ந்துவிட்டால் கோப்பு தேவையில்லாமல் பெருத்துவிடும். தயாரானதும் பதிவிறக்க இணைப்பு மின்னஞ்சலில் வரும். அது ஏறத்தாழ ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும் என்பதால் வந்த அன்றே இறக்கிவிடுங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரே கூகுள் கணக்கின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட சேனல்கள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாட்ச் லேட்டரும் தனித்தனிச் சந்தாப் பட்டியலும் உண்டு. எப்போதோ ஒரு பெயரில் விளையாட்டாகத் தொடங்கிய பிராண்ட் கணக்கில்தான் உண்மையான பட்டியல் இருக்கும். பிரதியோ உங்கள் சொந்தப் பெயரிலுள்ள வெற்றுச் சேனலிலிருந்து வந்திருக்கும். நானே ஒருமுறை இப்படித்தான் ஏமாந்தேன்: பதிவிறக்கிய சந்தாக் கோப்பைத் திறந்தபோது 9 வரிகள் மட்டுமே இருந்தன, எனக்கோ நூற்றுக்கணக்கில் சந்தாக்கள் இருந்தன. கணக்கை மாற்றிக்கொண்டு மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது. நல்ல வேளையாக அதற்குள் எதையும் அழித்திருக்கவில்லை. ஆகவே கோப்பு கையில் வந்ததும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். உங்கள் கணக்குப்படி சந்தாக் கோப்பில் தலைப்பு வரியோடு சேர்த்து 313 வரிகள் இருக்க வேண்டும்.

அந்தச் சந்தாக் கோப்பு திருப்தியாகவே இருக்கும். சேனலின் அடையாள எண், முகவரி, பெயர் என்று மூன்று நெடுவரிசைகள் அதில் உண்டு. எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரியலாம். கோப்பு கெட்டுப்போகவில்லை, எழுத்துக் குறிமுறையை யூடிஎஃப்-8 என்று தேர்ந்து இறக்குமதி செய்தால் சரியாகிவிடும்.

பிளேலிஸ்ட் கோப்புகளில்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒவ்வொரு பிளேலிஸ்ட்டுக்கும் ஒரு கோப்பு வரும், வாட்ச் லேட்டருக்கும் வரும். ஆனால் உள்ளே வீடியோவின் தலைப்பு இருக்காது, சேனலின் பெயரும் இருக்காது. 11 எழுத்து கொண்ட வீடியோ அடையாளமும், அதை நீங்கள் பட்டியலில் சேர்த்த தேதி நேரமும் மட்டுமே இருக்கும். இன்றைக்கு அந்த அடையாளத்தை youtube.com/watch?v= என்பதன் பின்னால் ஒட்டினால் வீடியோ திறக்கும், ஆகவே குறையொன்றும் தெரியாது. ஆனால் மூன்று ஆண்டு கழித்து அந்த வீடியோவை அதன் உரிமையாளர் எடுத்துவிட்டிருந்தால், அது என்ன வீடியோ என்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். தலைப்பு தெரிந்தாலாவது வேறு இடத்தில் தேடலாம். இன்னொரு சிறு தொல்லையும் உண்டு. கழித்தல் குறியில் தொடங்கும் அடையாளங்களை எக்செல் ஒரு கணக்கீடு என்று நினைத்துக்கொண்டு #NAME? என்று காட்டும். அந்த நெடுவரிசையை உரை என்று குறித்து இறக்குமதி செய்தால் இது நேராது. எக்செலே வேண்டாம் என்றால் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள், எல்லாம் உள்ளபடியே இருக்கும்.

ஆகவே கோப்பை வாங்கியதோடு நிறுத்தாமல், கணக்கு உயிரோடு இருக்கும்போதே தலைப்புகளையும் எழுதி வைத்துவிடுங்கள். எளிய வழி, கணினியில் youtube.com/playlist?list=WL என்ற முகவரியைத் திறந்து, பட்டியலின் அடி வரைக்கும் உருட்டிக்கொண்டு போய், முழுப் பக்கத்தையும் தேர்ந்து நகலெடுத்து ஓர் ஆவணத்தில் ஒட்டுவது. பக்கம் 100 வீடியோக்களாகத்தான் ஏறும். 640 என்றால் முதல் தொகுதி போக இன்னும் ஆறு முறை ஏற வேண்டும், அதுவரை உருட்ட வேண்டும். 27 பிளேலிஸ்ட்களுக்கும் இதையே செய்வது சலிப்புதான். கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர் yt-dlp என்ற கருவியைக் கொண்டு இதை ஒரே வரியில் முடித்துவிடலாம். ஃபயர்ஃபாக்ஸில் நீங்கள் உள்நுழைந்திருந்தால், பின்வரும் கட்டளை வீடியோக்களைப் பதிவிறக்காமல் பட்டியலை மட்டும் எழுதித் தரும்:

```
yt-dlp --cookies-from-browser firefox --flat-playlist --print-to-file "%(id)s | %(title)s" watchlater.txt :ytwatchlater
```

மற்ற பிளேலிஸ்ட்களுக்குக் கடைசிச் சொல்லின் இடத்தில் அந்தப் பிளேலிஸ்ட்டின் முகவரியை இட்டு, கோப்பின் பெயரையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையில் வேறுபாடு தெரிந்தால் பதற வேண்டாம். ஒரு பிளேலிஸ்ட்டின் மேலே 64 வீடியோக்கள் என்றிருக்கும், எண்ணிப் பார்த்தால் 58 தான் வரும். மீதி ஆறும் நீக்கப்பட்டவை அல்லது தனிப்பட்டதாக மாற்றப்பட்டவை. அவற்றை யூடியூப் பட்டியலில் மறைத்துவிடுகிறது. பட்டியலின் மூன்று புள்ளி மெனுவில், கிடைக்காத வீடியோக்களைக் காட்டும் தெரிவு இருக்கும். அதை அழுத்தினால் பெயரற்ற சாம்பல் கட்டங்களாக அவை தெரியும். அவற்றின் தலைப்பை அங்கிருந்து மீட்க வழி இல்லை.

பிரதி சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு அழிக்கத் தொடங்கலாம். முதலில் வாட்ச் லேட்டர். இது மற்றப் பிளேலிஸ்ட்களைப் போன்றது அல்ல: எப்போதும் தனிப்பட்டதாகவே இருக்கும், பட்டியலையே நீக்கும் பொத்தான் கிடையாது, காலி செய்ய மட்டும்தான் முடியும். அதன் மூன்று புள்ளி மெனுவில் Remove watched videos என்ற கட்டளை இருக்கிறது, பார்த்து முடித்தவற்றை அது ஒரே அடியில் எடுத்துவிடும். எது பார்த்தது என்பதை யூடியூப் அறிவது உங்கள் பார்வை வரலாற்றிலிருந்துதான். வீடியோப் படத்தின் அடியில் ஓடும் சிவப்புக் கோடு வருவதும் அங்கிருந்தே. வரலாற்றை முன்கூட்டியே அழித்துவிட்டால் அந்தக் கோடுகள் மறையும், 640 வீடியோக்களும் பார்க்காதவை போல நிற்கும், அந்தக் கட்டளைக்கு எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. வரலாற்றைக் கடைசியில் அழியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

640-இல் 230 வீடியோக்கள் பார்த்தவை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டளைக்குப் பிறகு 410 மிஞ்சும். இவற்றை ஒவ்வொன்றாக, வலப்பக்க மூன்று புள்ளியை அழுத்தி நீக்க வேண்டும். கை பழகிவிட்டால் ஒன்றுக்கு மூன்று விநாடி போதும், ஆக மொத்தம் 20 நிமிடங்கள். இதற்குள் இணையத்தில் கிடைக்கும் தானியங்கி நிரல்களைத் தேடிப் போகாதவர்கள் குறைவு. அவற்றைப் பற்றி மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

யூடியூப் அதிகாரபூர்வமாகத் தரும் நிரல் இடைமுகத்தின் வழியாக வாட்ச் லேட்டர் பட்டியலின் உள்ளடக்கத்தை அணுக முடியாது, 2016-லேயே அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. ஆகவே "உங்கள் வாட்ச் லேட்டரைக் காலி செய்து தருகிறோம்" என்று சொல்லும் எந்தத் தளமும் நீங்கள் உள்நுழைந்த நிலையையே கடன் வாங்கித்தான் வேலை செய்கிறது. உங்கள் உலாவியில் நீங்களே ஒட்டும் நிரலும் அப்படித்தான். உங்கள் கணக்கில் நீங்கள் செய்யக்கூடியதை எல்லாம் அதுவும் செய்ய முடியும், அதனால் ஒவ்வொரு வரியும் புரியாமல் ஒட்டாதீர்கள். இரண்டாவதாக, இத்தகைய நிரல்களில் பல பொத்தானைத் திரையில் தெரியும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டே தேடுகின்றன. யூடியூபைத் தமிழில் வைத்திருப்பவரிடம் அவை ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். மூன்றாவதாக, 100 வீடியோக்களை நீக்கிவிட்டு நிரல் நின்றுபோனால் பழுது என்று நினைக்க வேண்டாம்: பக்கத்தில் ஏறியிருந்த தொகுதி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு மறுபடியும் ஓட்ட வேண்டும். 20 நிமிட வேலைக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பேன். பாதி வீடியோக்களை ஏன் சேர்த்தோம் என்று வியந்துகொண்டே நீக்குவதும் ஒரு வகையில் பொழுதுபோக்குதான்.

அடுத்து பிளேலிஸ்ட்கள். உங்கள் பட்டியல் பக்கத்தில் இரண்டு வகை கலந்து கிடக்கும்: நீங்கள் உருவாக்கியவை, பிறர் உருவாக்கியதை நீங்கள் சேமித்து வைத்தவை. பிறருடையதை எடுத்துவிடுவது உங்கள் அலமாரியிலிருந்து ஒரு குறிப்புச் சீட்டை எடுப்பது போன்றது, அந்தப் பிளேலிஸ்ட் அவரிடம் அப்படியே இருக்கும். உங்களுடையதை நீக்கினால் அதை மீட்க வழியே இல்லை. அது பொதுவில் இருந்திருந்தால், அதன் இணைப்பை வைத்திருப்பவர்களுக்கும் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் அதே நொடியில் போய்விடும். 27-இல் ஏதேனும் ஒன்று, உதாரணமாக மாணவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் தொகுத்த ஒரு பாடவரிசை, பிறர் கையில் புழங்குகிறது என்றால் அவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அல்லது சேனலை நீக்கும் நாள் வரை அதை மட்டும் விட்டுவையுங்கள். நீக்கிய பிளேலிஸ்ட்டின் தலைப்பு பிறருடைய பார்வை வரலாற்றில் தொடர்ந்து தெரியக்கூடும் என்பதையும் அறிந்திருங்கள், தனிப்பட்ட பெயர்களைத் தலைப்பாக வைத்தவர்களுக்கு அது பொருட்டாகலாம். யூடியூப் மியூசிக் செயலியில் நீங்கள் போட்ட பாட்டுப் பிளேலிஸ்ட்களும் இதே பட்டியலில்தான் வந்து சேரும்; இங்கே நீக்கினால் அங்கேயும் போய்விடும். பாட்டுக்காக அந்தச் செயலியை மட்டும் தொடர்ந்து பயன்படுத்த எண்ணியிருந்தால், அவற்றைத் தொடாதீர்கள், சேனலையும் நீக்காதீர்கள்.

விருப்பம் தெரிவித்த வீடியோக்களின் பட்டியலையும் வாட்ச் லேட்டரைப் போலவே நீக்க முடியாது, விருப்பக் குறியை ஒவ்வொன்றாக எடுத்தால்தான் குறையும். அது பிறர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சேனலை நீக்கும்போது போகட்டும் என்று விட்டுவிடுவதே எளிது.

அதற்கு அடுத்து சந்தாக்கள். youtube.com/feed/channels என்ற பக்கத்தில் எல்லாச் சேனல்களும் வரிசையாகத் தெரியும். மொத்தமாக எடுக்கும் பொத்தான் அங்கே இல்லை. ஒவ்வொரு சேனலுக்கும் பொத்தானை அழுத்தி, விலகு என்பதைத் தேர்ந்து, உறுதிப்படுத்த வேண்டும். ஒன்றுக்கு நான்கு விநாடி என்றால் 312 சேனல்களுக்கு 21 நிமிடங்கள். அதிகாரபூர்வ நிரல் இடைமுகம் சந்தாக்களை நீக்க அனுமதிக்கிறது, ஆனால் ஒரு நாளைக்கு இயல்பாகக் கிடைக்கும் 10,000 அலகுகளில் ஒரு சந்தாவை நீக்க 50 அலகுகள் செலவாகும். அதாவது நாளைக்கு 200 சேனல்கள். உங்களுடைய 312-க்கு இரண்டு நாள் ஆகும். கையே வேகம்.

சந்தாவோடு பணம் சம்பந்தப்பட்ட இரண்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு சேனலுக்கு மாதந்தோறும் பணம் கட்டி உறுப்பினராகச் சேர்ந்திருந்தால், அந்தச் சேனலின் சந்தாவை நீக்குவது உறுப்பினர் கட்டணத்தை நிறுத்தாது. யூடியூப் பிரீமியமும் அப்படியே, செயலியைக் கைபேசியிலிருந்து அகற்றினாலும் கட்டணம் பிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். youtube.com/paid_memberships என்ற பக்கத்துக்குப் போய், அங்கே ஏதேனும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். சேனலை நீக்கும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

விலகிய பிறகும் ஐந்தாறு சேனல்களை மட்டும் பின்தொடர வேண்டும் என்று தோன்றினால், அதற்குக் கணக்கே தேவையில்லை. சந்தாக் கோப்பின் முதல் நெடுவரிசையில் UC என்று தொடங்கும் சேனல் அடையாளத்தைக் கீழ்க்காணும் முகவரியின் கடைசியில் சேர்த்து, ஏதேனும் ஓர் ஆர்எஸ்எஸ் செயலியில் இடுங்கள். அந்தச் சேனலின் அண்மைய 15 வீடியோக்களும், இனி வருபவையும் அங்கேயே வந்துவிடும்.

```
https://www.youtube.com/feeds/videos.xml?channel_id=
```

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பார்வை வரலாறும் தேடல் வரலாறும். youtube.com/feed/history பக்கத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இனிப் பதிவாகாதபடி அதை நிறுத்தியும் வையுங்கள். சந்தாக்கள் எல்லாம் போன பிறகும் முகப்பில் அதே சேனல்களின் வீடியோக்கள் வந்துகொண்டிருந்தால் சந்தா போகவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை வரலாற்றைக் கொண்டு வருபவை. துடைத்தது சரியாக முடிந்ததா என்பதற்கு இதுவே நல்ல அடையாளம்: 2023 ஆகஸ்டில் யூடியூப் அறிவித்த மாற்றத்தின்படி, வரலாறு நிறுத்தப்பட்டு, முன்பு பார்த்ததன் பதிவும் பெரிதாக இல்லாதவருக்கு முகப்பில் பரிந்துரைகள் வராது, தேடல் பெட்டியும் வரலாற்றை இயக்கச் சொல்லும் குறிப்புமே நிற்கும். அந்த வெற்று முகப்பைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் வேலை முடிந்தது. இடையில் ஏதேனும் வெளிக் கருவிக்கு அனுமதி கொடுத்திருந்தால் myaccount.google.com/connections பக்கத்தில் அதை நீக்கிவிடுங்கள். யூடியூபைக் காலி செய்தாலும் அந்த அனுமதி கூகுள் கணக்கில் தொங்கிக்கொண்டேதான் இருக்கும், நீங்களோ அந்தக் கணக்கை மின்னஞ்சலுக்காக வைத்திருக்கப் போகிறீர்கள்.

நீங்கள் அழித்தது திரையிலிருந்து உடனே மறையும், ஆனால் கூகுளின் சேமிப்பிலிருந்து முற்றாக நீங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதமும், காப்பு நகல்களிலிருந்து போவதற்கு ஆறு மாதம் வரையும் ஆகலாம் என்பது அந்நிறுவனமே சொல்லும் கால அளவு. அதை நம்பி எதையும் மீட்டுக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், அந்த நகல்கள் பயனருக்குத் திறந்தவை அல்ல. இரண்டு மாதப் பொறுமைக்குப் பிறகும் திரும்பிப் போகத் தோன்றவில்லை என்றால், சரியான சேனலில்தான் உள்நுழைந்திருக்கிறோமா என்று வலது மேல்மூலைப் படத்தை அழுத்தி ஒருமுறை பார்த்துக்கொண்டு, மேம்பட்ட அமைப்புகளுக்குப் போய்ச் சேனலை நீக்குங்கள். அங்கே மறைத்து வைப்பது, நிரந்தரமாக நீக்குவது என்று இரண்டு தெரிவுகள் வரும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.